‘கடவுள் சோதிக்கிறார்’ எண்டு சொல்ல முன்னம்

எங்கட பக்கத்து ஆஸ்பத்திரி வாட்டுகளில் கட்டிலோடு நிற்கிற சின்ன லொக்கரை எப்பவாவது கவனித்துப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு கட்டிலில் விபூதிப் பொட்டலமும் கோயில் நூலும் இருக்கும். அடுத்ததில் மடு மாதா படம். அதற்கடுத்ததில் ஓதின தண்ணிப் போத்தல். நோயாளியைப் பார்க்க வருகிற ஆக்களும் தோடம்பழத்தோடு ஒரு வசனத்தையும் கொண்டு வருவார்கள். “கடவுள் சோதிக்கிறார், ஆனா கைவிடமாட்டார்.” “எல்லாம் அவன்ர செயல்.” கொஞ்சம் வயது போனவர்கள் என்றால், “போன பிறப்பில என்ன பாவம் செய்தமோ” என்பதும் வரும். செத்த வீட்டிலும் இதே வசனங்கள்தான், கொஞ்சம் மெல்லிய குரலில்.

கடவுள் இருக்கிறாரா இல்லையா என்ற வழக்கைப் பிறகொரு நாள் வைத்துக்கொள்வோம். அந்த வசனங்கள் கட்டிலில் கிடக்கிறவருக்கு என்ன செய்கின்றன என்பதுதான் எங்கட கேள்வி. உளவியல்காரர் இதை முப்பது வருசத்துக்கு மேலாக அளந்து பார்த்து வருகிறார்கள். நோயையும் இழப்பையும் சமயத்தைக் கொண்டு முகங்கொடுத்தல் என்பது அவர்களுக்கு ஒரு தனித் துறை. எங்கட நண்பர் வட்டத்தில் சிலர் இந்த ஆய்வுகளில் முக்கியமான நாலைந்தை எடுத்து வைத்து வாசித்தோம். வாட்ஸ்அப்பில் வருகிற “பிரார்த்தனை நோயைக் குணமாக்கும், விஞ்ஞானமே நிரூபித்துவிட்டது” என்ற செய்திக்கும், கன்ரீனில் எங்கட பகுத்தறிவுத் தோழர்கள் சொல்கிற “அதெல்லாம் சும்மா மன ஆறுதல்” என்ற முடிவுக்கும் இந்த ஆய்வுகளில் இடமே இல்லை. உள்ளே இருப்பது வேறொரு கதை.

இந்தத் துறையில் அடிக்கடி வருகிற பெயர் கென்னத் பார்கமென்ட். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்துப் பௌலிங் கிறீன் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். அவருக்கு முதல் பெரும்பாலான ஆய்வுகள் “கிழமைக்கு எத்தனை தரம் கோயிலுக்குப் போவீர்கள்?” என்று கேட்டுவிட்டு, அதை நோயோடு ஒப்பிட்டுப் பார்த்தன. அது போதாது என்றார் பார்கமென்ட். கோயிலுக்குப் போகிற இரண்டு பேரில் ஒருத்தர் ஆறுதலோடு திரும்பலாம், மற்றவர் “ஏன் எனக்கு மட்டும்?” என்ற கேள்வியோடு திரும்பலாம். வரவுப் பதிவேட்டில் இரண்டு பேரும் ஒன்றுதான். ஆகவே கஷ்டம் வந்தபோது ஒருவர் தன் சமயத்தைக் கொண்டு உண்மையில் என்ன செய்கிறார் என்று கேட்கும் வினாக்கொத்தை அவரும் கூட இருந்தவர்களும் உருவாக்கினார்கள். முழு வடிவத்தில் 105 வசனங்கள். 1998இல் வந்த சுருங்கிய வடிவத்தில் 14 மட்டும்.

அந்தப் பதினாலும் ஏழு, ஏழாகப் பிரிகிறது. முதல் ஏழு இதமானவை: கடவுளோடு நெருங்கப் பார்த்தேன், அவருடைய அன்பைத் தேடினேன், என் கோபங்களை விட்டுவிட உதவி கேட்டேன் என்ற மாதிரி. மற்ற ஏழும் உரசலானவை: கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டாரோ, என் பக்தி போதாமல் தண்டிக்கிறாரோ, அவருக்கு என்னில் அன்பு இருக்கிறதோ, என் சபை என்னை விட்டுவிட்டதோ, இது பிசாசின் வேலையோ என்றவை. ஒவ்வொன்றுக்கும் ‘இல்லவே இல்லை’ முதல் ‘மிக அதிகம்’ வரை ஒரு இலக்கம் போடவேண்டும். முதல் ஏழை ‘நேர்’ என்றும், மற்றதை ‘எதிர்’ என்றும் பெயரிட்டார்கள். பிறகு வந்த எழுத்துகளில் இரண்டாவதைச் ‘சமயப் போராட்டம்’ என்று சொல்லத் தொடங்கினார்கள். இந்தப் பெயர் மாற்றம் எங்களுக்குப் பிடித்திருந்தது. காரணம் பின்னுக்கு வரும்.

2001இல் வெளிவந்த ஆய்வுதான் இந்தத் துறையை எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. வட கரோலைனா மாநிலத்து டர்ஹம் நகரில் இரண்டு ஆஸ்பத்திரிகளில் 1996, 97இல் படுத்திருந்த, 55 வயதைத் தாண்டிய 596 நோயாளிகளிடம் கேள்விகள் கேட்டார்கள். இரண்டு வருசம் கழித்து யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று பார்த்தார்கள். வயது, நோயின் கடுமை, மனச்சோர்வு போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும், போராட்டப் புள்ளி ஒன்று கூடும்போது இறக்கும் அபாயம் சராசரி 6 வீதம் கூடியிருந்தது. தனித்தனி வசனங்களாகப் பார்த்தபோது, ‘கடவுள் கைவிட்டுவிட்டாரோ’ என்பது 28 வீதத்தோடும், ‘என்னில் அன்பு இருக்கிறதோ’ என்பது 22 வீதத்தோடும், ‘பிசாசின் வேலை’ என்பது 19 வீதத்தோடும் சேர்ந்து நின்றன.

இந்த 6 வீதத்தை எப்படி வாசிப்பது? ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். இதே மாதிரி நூறு நோயாளிகளில் இரண்டு வருசத்துக்குள் 30 பேர் இறப்பார்கள் என்று வையுங்கள். எல்லாருக்கும் போராட்டப் புள்ளி ஒன்று கூடினால் அந்த முப்பது கிட்டத்தட்ட 32 ஆகும். ஐந்து புள்ளி கூடினால் 40. பெரிய தொகைதான். ஆனால் அந்த ஆய்வே தன் 6 வீதத்துக்கு ஒரு வீச்சுக் கொடுக்கிறது: உண்மையான அளவு 1 வீதமாகவும் இருக்கலாம், 11 வீதமாகவும் இருக்கலாம். ஐந்து புள்ளிக் கணக்கை அந்த வீச்சில் போட்டால் 40 என்பது 32க்கும் 51க்கும் இடையில் எங்கேயும் நிற்கலாம். ஏதோ இருக்கிறது என்று சொல்ல இது போதும். எவ்வளவு என்று சொல்லப் போதாது. “கடவுளோட கோவிச்சால் சாவு 28 வீதம் கூடும்” என்று யாராவது படம் போட்டுப் பகிர்ந்தால், அவர் இந்த ஆய்வை வாசிக்கவில்லை என்று தாராளமாகச் சொல்லலாம்.

எது முந்தி, எது பிந்தி என்ற கேள்வியும் இருக்கிறது. நோய் கடுமையாக இருக்கிறவர்தான் கைவிடப்பட்டதாக உணர்வார். அப்படியென்றால் அவரைக் கொண்டுபோனது நோயா, உணர்வா? ஆய்வாளர்கள் நோயின் கடுமையை அளந்து கழித்துத்தான் பார்த்தார்கள். ஆனால் பத்திரத்தில் பதிந்த கடுமை வேறு, ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு முட்டும்போது நோயாளிக்கு மட்டும் தெரிகிற கடுமை வேறு. மருந்து ஆய்வு மாதிரி சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேரை “நீங்கள் கடவுளைச் சந்தேகியுங்கோ” என்று ஒதுக்கவும் முடியாது. ஆகவே இந்தத் துறையில் காரணம், விளைவு என்று அடித்துச் சொல்வது அநேகமாக எப்பவும் ஒரு படி தாண்டிச் சொல்வதுதான்.

இந்த ஆய்விலிருந்து வந்த இன்னொரு முடிவு அவ்வளவு பிரபலம் ஆகவில்லை, எங்களுக்கு அதுதான் கூடப் பெறுமதியானதாகப் படுகிறது. உயிரோடு இருந்தவர்களை இரண்டு வருசத்துக்குப் பிறகு திரும்பச் சந்தித்து மறுபடி கேட்டபோது, முதலிலும் போராடி, இப்பவும் அதே போராட்டத்தில் நின்றவர்கள்தான் நலிந்து போயிருந்தார்கள். ஒரு தரம் போராடிவிட்டு அதைக் கடந்தவர்களிடம் அந்த நலிவு அப்படித் தெரியவில்லை. அதாவது கடவுளோடு சண்டை பிடிப்பது ஆபத்தாகத் தெரியவில்லை. அந்தச் சண்டையில் அப்படியே உறைந்துபோவதுதான் ஆபத்தாகத் தெரிகிறது.

இது எங்கட ஆக்களுக்குப் புதுசா? சுந்தரர் கதையை எடுங்கள். திருவொற்றியூரில் சங்கிலியாருக்குக் கொடுத்த சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டின உடனே இரண்டு கண்ணும் போய்விடுகின்றன. பக்தர் கைகூப்பி “எல்லாம் உன் செயல்” என்று அடங்கியா இருந்தார்? போகிற ஊரெல்லாம் சிவனை ஏசிக்கொண்டே போகிறார். திருவெண்பாக்கத்தில் ஒரு ஊன்றுகோல் கிடைக்கிறது. காஞ்சியில் இடக்கண். திருவாரூரில் மற்றக் கண். அந்த ஏச்செல்லாம் இன்றைக்கும் தேவாரமாகப் பாடப்படுகிறது, ஓதுவார் பாடும்போது நாங்கள் பயபக்தியோடு கேட்கிறோம். கிறிஸ்தவ நண்பர்களுக்கு யோபுவும் சிலுவையில் எழுந்த கேள்வியும் இருக்கின்றன. பார்கமென்டின் படிவத்தைச் சுந்தரரிடம் கொடுத்திருந்தால் ‘எதிர்’ ஏழிலும் நல்ல புள்ளி எடுத்திருப்பார். ‘நேர்’ ஏழிலும் எடுத்திருப்பார். அவரை எந்தப் பக்கம் போடுவது? அதனால்தான் ‘எதிர்’ என்ற பெயரை விட ‘போராட்டம்’ என்ற பெயர் எங்களுக்குப் பொருந்தியது. ‘எதிர்’ என்றால் உடனே யாராவது அதைத் திருத்தப் பார்ப்பார்கள். போராடுகிறவருக்குப் பக்கத்தில் இருக்கத்தான் ஆள் வேண்டும்.

எங்களில் ஒருத்தியின் அம்மம்மாவுக்கு மார்பில் புற்றுநோய். தினமும் பிள்ளையாருக்கு விளக்குக் கொளுத்தின மனிசி. இரண்டாவது தரம் மருந்து ஏற்றின பிறகு, “அந்தப் பிள்ளையாருக்கு இனி நான் விளக்கு வைக்கன்” என்று சொல்லிவிட்டா. வீட்டில் எல்லாருக்கும் பயம். “அப்பிடிச் சொல்லாதேங்கோ அம்மா, குற்றம் வந்திடும்” என்று மகள்மார் மாறி மாறிச் சொல்ல, மனிசி கதைக்கிறதையே விட்டுட்டா. கோபம் போன மாதிரித் தெரியவில்லை, அதைச் சொல்ல ஆள்தான் இல்லாமல் போனது. இதை நாங்கள் ஆதாரமாகச் சொல்லவில்லை, ஒரு குடும்பத்துக் கதை ஆதாரம் ஆகாது. ஆனால் ‘உறைந்துபோதல்’ என்று வாசித்தபோது எங்களுக்கு உடனே நினைவுக்கு வந்தது அந்த வீட்டு மௌனம்தான்.

இனி இழப்புக்கு வருவோம். இதில் எங்களுக்குத் தெரிந்த மிகக் கவனமான ஆய்வுகளில் ஒன்று 1993இல் மக்கின்ரொஷ், சில்வர், வோட்மன் என்ற மூவர் வெளியிட்டது. திடீர் சிசு மரணத்தில் குழந்தையைப் பறிகொடுத்த 124 அமெரிக்கப் பெற்றோர். நேற்று நன்றாகப் பால் குடித்து நித்திரைக்குப் போன பிள்ளை, காலையில் இல்லை. நோய் இல்லை, விபத்து இல்லை, பழி போட ஆள் இல்லை. ‘ஏன்?’ என்ற கேள்வி இவ்வளவு வெறுமையாக வருகிற மரணம் வேறு குறைவு. இழப்பு நடந்து மூன்று கிழமைக்குள் ஒரு தரமும், பதினெட்டு மாதம் கழித்து இன்னொரு தரமும் அவர்களோடு கதைத்தார்கள்.

சமய ஈடுபாடு உள்ள பெற்றோர் பிறகு கொஞ்சம் நலமாக இருந்தார்களா என்றால், ஓம், ஆனால் நேர் வழியில் அல்ல. ஆய்வாளர்கள் சமயத்தை இரண்டாகப் பிரித்து அளந்தார்கள்: ஆலயத்துக்குப் போய்வருவது ஒன்று, சமயம் தனக்கு எவ்வளவு முக்கியம் என்பது மற்றது. போய்வருகிறவர்களுக்கு ‘எங்களைத் தாங்க ஆக்கள் இருக்கிறார்கள்’ என்ற உணர்வு கூட இருந்தது, இழப்பில் ஏதோ ஒரு பொருளும் தெரிந்தது. சமயம் முக்கியம் என்றவர்கள் நடந்ததைத் திரும்பத் திரும்ப நினைத்து உள்ளுக்குள் அசைபோட்டார்கள், அவர்களும் பொருள் கண்டார்கள். பதினெட்டு மாதத்துக்குப் பிறகு துயரத்தைக் குறைத்தவை இந்த இடைப்பட்ட மூன்றும்தான்: ஆக்கள், அசைபோடுதல், பொருள். நம்பிக்கை இந்த மூன்றுக்குமான ஒரு பாதையாக இருந்தது.

இதை வாசித்த உடனே எங்கட செத்த வீடுகள்தான் கண்ணுக்குள் வந்தன. காடாத்து, எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. ஒவ்வொன்றும் வீட்டுக்கு ஆக்களைக் கொண்டுவந்து சேர்க்கிறது. அந்தியேட்டிக்கு அடிக்கிற கல்வெட்டுப் புத்தகத்தைப் பாருங்கள். செத்தவர் எங்கே பிறந்தார், எங்கே படித்தார், யாருக்கு என்ன செய்தார் என்று வீட்டார் கூடியிருந்து எழுதவேண்டும். அச்சகக்காரன் நெருக்குவான், படம் தேடவேண்டும், எந்தப் பேரப்பிள்ளையின் பெயர் விடுபட்டது என்று சண்டை வரும். ஒரு மாதத்துக்குள் ஒரு குடும்பம் ஒரு மனிசரின் வாழ்க்கையைக் கதையாக்கி முடிக்கிறது. ‘அசைபோடுதல்’ என்று ஆய்வு சொல்கிற வேலையில் பாதி அங்கே நடக்கிறது. சடங்கெல்லாம் வீண் செலவு என்று எழுதுகிற எங்கட வயதுக்காரர் இதையும் கணக்கில் எடுக்கவேணும். கடன்பட்டுச் செய்கிற ஆடம்பரம் வேறு கதை, அதை நாங்களும் ஏற்கவில்லை.

ஆனால் ‘பொருள்’ என்ற இடத்தில் கவனம் தேவை. “சரி, அப்ப துக்கப்படுகிறவருக்கு நாங்கள் பொருள் எடுத்துக் கொடுப்போம்” என்று கிளம்பினால் பிழைத்துவிடும். இதே பெற்றோரின் தரவுகளையும் இன்னொரு தொகுதியையும் வைத்து டேவிஸ் என்பவரும் கூட்டாளிகளும் 2000இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். இழப்பில் பொருள் தேடவே தேடாத பெற்றோரும் கணிசமாக இருந்தார்கள், அவர்கள் அப்படியொன்றும் மோசமாக இருக்கவில்லை. மொத்தப் பேரில் பாதிக்கும் குறைவானவர்களுக்குத்தான், ஒரு வருசத்துக்கு மேலாகியும், ஏதாவது கிடைத்தது. தேடித் தேடிக் கிடைக்காதவர்கள்தான் கூடக் கஷ்டப்பட்டார்கள். அப்படியென்றால், தேடாமல் இருக்கிற ஒரு தாயிடம் போய் “கடவுள் ஏதோ ஒரு காரணத்துக்காகத்தான் செய்திருப்பார்” என்று சொல்கிறவர் அவவைத் தேடலுக்குள் தள்ளிவிடுகிறார். அந்தக் காரணம் என்ன என்று அவ இனி இரவெல்லாம் யோசிக்கவேண்டும். சொன்னவர் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விடுவார்.

‘நேர்’ என்ற பெயரும் ஏமாற்றும். 2009இல் ஒரு மருத்துவ ஆய்வு, முற்றிய புற்றுநோயுள்ள 345 அமெரிக்க நோயாளிகளைப் பார்த்தது. அந்த இதமான ஏழு வசனங்களில் கூடிய புள்ளி எடுத்தவர்களில் 11.3 வீதமானோருக்குக் கடைசிக் காலத்தில் செயற்கைச் சுவாச இயந்திரம் பூட்டப்பட்டது. குறைந்த புள்ளிக்காரரில் 3.6 வீதம்தான். கடவுள் நிச்சயம் கைகொடுப்பார் என்று நம்புகிற குடும்பம் “நிப்பாட்டுங்கோ” என்று சொல்லுமா? அது சரியா பிழையா என்று நாங்கள் தீர்ப்புச் சொல்ல வரவில்லை, சிலருக்கு அந்தப் போராட்டமே முக்கியமாக இருக்கலாம். ஆனால் ஆறுதல் தருகிற நம்பிக்கைக்கும் ஒரு விலை இருக்கலாம் என்பது தெரிந்திருக்கவேண்டும்.

இவ்வளவும் அமெரிக்கா. பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். எங்கட ஆக்களுக்கு இது எவ்வளவு பொருந்தும்? ஒரு பின்னேரம் இருந்து அந்தப் பதினாலு வசனத்தையும் எங்கட தமிழுக்கு மாற்றிப் பார்த்தோம். முதல் வசனத்திலேயே தடக்கியது. ‘கடவுள்’ என்றால் யார்? குலதெய்வமா, நல்லூரானா, வீட்டுப் படத்துப் பிள்ளையாரா? எங்கட அம்மம்மாமாருக்கு ஒரு தெய்வத்தோடு கோபம் என்றால் இன்னொன்றிடம் போகலாம். சைவக் குடும்பத்து ஆக்கள் மடுவுக்கு நேர்த்தி வைப்பதும் எங்களுக்குப் புதினம் இல்லை. ‘கைவிட்டார்’ என்ற சொல்லின் பாரம் ஒரே கடவுள் உள்ள வீட்டிலும் பல தெய்வம் உள்ள வீட்டிலும் ஒன்றாக இராது.

‘பிசாசின் வேலை’ என்பதைச் ‘செய்வினை’ என்று மாற்றினோம். உடனே பொருளே மாறிவிட்டது. பிசாசு எங்கேயோ இருக்கிறது. செய்வினை என்றால் செய்தவர் பக்கத்து வீட்டில் இருக்கிறார், அடுத்த நாள் வேலிச் சண்டை தொடங்கும். பிறகு நேர்த்திக்கடன். “இவன் எழும்பினால் காவடி எடுக்கிறன்” என்பதற்குப் பதினாலில் இடமே இல்லை. அந்த 105 வசனப் படிவத்தில் கடவுளிடம் மன்றாடுதல் என்று ஒரு பகுதி இருக்கிறது, ஆனால் எங்கட நேர்த்தி மன்றாட்டம் மட்டும் இல்லை, இரண்டு பக்கத்துக்கும் கடமை உள்ள ஒப்பந்தம். ஏழரைச் சனிக்கும் இடமில்லை. வேடிக்கையாகத் தெரியலாம், ஆனால் யோசித்துப் பாருங்கள்: “சனி பிடிச்சிருக்கு” என்கிற விளக்கத்தில் நோயாளியின் குற்றம் என்று எதுவும் இல்லை, முடியிற திகதியும் இருக்கிறது. “போன பிறப்புப் பாவம்” என்பதில் குற்றவாளி நோயாளியேதான், அதுவும் நினைவில்லாத குற்றத்துக்கு.

கர்மம் பற்றி இலங்கையிலேயே செய்த ஆய்வு ஒன்று உண்டு. 2004 சுனாமியில் தப்பியவர்களிடம் பெக்கா லெவியும் கூட்டாளிகளும் கேட்டு 2009இல் வெளியிட்டார்கள். கர்மத்தில் கூடிய நம்பிக்கை இருந்தவர்களின் உடல்நலம் மோசமாக இருந்தது. இங்கேயும் முந்திச் சொன்ன எச்சரிக்கை பொருந்தும்: கூட அடிபட்டவர்தான் கூடக் கர்மத்தை நினைத்தாரோ தெரியாது. அமெரிக்காவில் வாழும் இந்துக்களுக்கென்று தாரகேஷ்வரும் பார்கமென்டும் மஹோனியும் 2003இல் தனி அளவுகோல் ஒன்று செய்தார்கள். அதில் மூன்று கொத்துகள் விழுந்தன: கடவுளை நோக்கியது, ஆன்மிகத்தை நோக்கியது, மூன்றாவது குற்றவுணர்வும் கோபமும் செயலற்று இருத்தலும் ஒன்றாய்ச் சேர்ந்தது. இந்த மூன்றாவது எங்களுக்கு இடறுகிறது. “நான் பாவி” என்று சுருண்டு கிடப்பதையும் “ஏனடா இப்பிடிச் செய்தாய்” என்று ஏசுவதையும் ஒரே கூடையில் போட்டால் சுந்தரரும் அந்தச் சுருண்டவரும் ஒரே புள்ளி எடுப்பார்கள். புள்ளிவிபரத்தில் இரண்டும் ஒன்றாக நகர்ந்திருக்கலாம். அதற்காக இரண்டும் ஒன்றாகிவிடாது.

எங்கட மண்ணில் இந்த ஆய்வுகள் எல்லாமே கைவிரிக்கிற இடம் ஒன்று இருக்கிறது. எல்லா அளவுகோலும் இழப்பு நடந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டுதான் தொடங்குகின்றன. மூன்று கிழமை, பதினெட்டு மாதம் என்று எண்ண ஒரு நாள் வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டவரின் தாய்க்கு எந்த நாள்? அந்தியேட்டி செய்தால் பிள்ளையைத் தானே கொன்ற மாதிரி. செய்யாவிட்டால், ஒருவேளை அவன் இல்லையென்றால், அவனுக்குச் செய்யவேண்டியதைச் செய்யாத குற்றம். ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குப் போகிற சனத்தோடு அவர்களால் சேரவும் முடியாது, சேராமல் நிம்மதியாக இருக்கவும் முடியாது. தொண்ணூறுகளில் மட்டக்களப்பில் இருந்து ஆய்வு செய்த பற்றீசியா லோரன்ஸ் என்ற மானுடவியலாளர், இந்தக் குடும்பங்கள் அம்மன் கோயில்களில் உருவந்து வாக்குச் சொல்கிறவர்களிடம் போய்ப் பிள்ளை இருக்கிறானா என்று கேட்டதை எழுதியிருக்கிறார். வெளியே வாய் திறந்தால் ஆபத்து என்றிருந்த காலத்தில், நடந்ததைச் சத்தமாகச் சொல்லி அழ முடிந்த இடமாக அந்த முன்றில் இருந்தது. அவர் வினாக்கொத்துக் கொண்டு போகவில்லை. பக்கத்தில் வருசக்கணக்காக இருந்து பார்த்தார். பதினாலு வசனத்துக்குள் அகப்படாதது அவருக்கு அகப்பட்டது.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால் குந்தின அம்மாமாரையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். கோயில் வாசலில் தேங்காய் உடைத்து முறையிடுவது வழிபாடா, போராட்டமா, கடவுளோடு சண்டையா, அரசோடு சண்டையா? படிவத்தில் எந்தப் பெட்டிக்குள் புள்ளடி போடுவது என்று யாராலும் சொல்ல முடியாது. அவர்களுடைய போராட்டம் ‘கடந்து போகாமல் உறைந்தது’ என்று சொல்லவும் எங்களுக்கு நா எழும்பாது, ஏனென்றால் பதில் சொல்லவேண்டியவர்கள் இன்னும் சொல்லவில்லை. அது தாயின் மனநிலை பற்றிய விசயமே இல்லை.

ஆகவே எங்கட நிலைப்பாடு இதுதான். வாட்டிலோ செத்த வீட்டிலோ போய் நிற்கும்போது, கடவுள் ஏன் இதைச் செய்தார் என்ற விளக்கத்தை நாங்கள் கொண்டு போகத் தேவையில்லை. அவர் தானாகக் கடவுளைப் பற்றிச் சொன்னால், நன்றியாக இருந்தாலும் ஏச்சாக இருந்தாலும், முழுக்கக் கேட்கலாம். அவர் வெகுநாளாக ஒரே குற்றவுணர்வில் சுருண்டு கிடக்கிறார், சாப்பாடும் நித்திரையும் விட்டுப்போகிறது என்றால் டொக்டரிடமோ உளவளத் துணையாளரிடமோ சொல்லவேணும். அவர் மதிக்கிற ஐயரோ பாதரோ மௌலவியோ இருந்தால், அவரிடமும் “புத்தி சொல்லுங்கோ” என்று கேளாமல் “கொஞ்ச நேரம் பக்கத்தில இருங்கோ” என்று கேட்டுப் பார்க்கலாம்.

நாள் கணக்கையும் பாருங்கள். அந்த 124 பெற்றோரைத் தாங்கியவற்றில் ஆக்களும் ஒன்று என்றது பதினெட்டு மாதத்துக்குப் பிறகு பார்த்த பார்வை. எங்கட சடங்கு முப்பத்தோராம் நாள் வரைக்கும் வீட்டை நிரப்பி வைத்திருக்கிறது. வாடகைக் கதிரைகளை ஏற்றிக்கொண்டு போன பிறகு, மாசியத்துக்கு வருவது நாலு சொந்தக்காரர். மிச்சப் பேர் இனி ஆண்டுத் திவசத்துக்குத்தான். போன வருசம் எங்கட வகுப்புப் பெடியன் ஒருத்தனின் அப்பா செத்தபோது முழு பட்சும் பஸ் பிடித்துப் போனோம். இரண்டாம் மாதம், மூன்றாம் மாதம் யார் போவது என்று இந்த முறை கொப்பியில் பெயர் எழுதி வைத்திருக்கிறோம். போகிறவர் பெரிசாக ஒன்றும் கதைக்கத் தேவையில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு, அவன் விட்ட பாடக் குறிப்புகளைக் கொடுத்துவிட்டு, அவனின் அம்மா ஏதாவது சொன்னால் இருந்து கேட்டுவிட்டு வந்தால் சரி.